‘பெண்டிங்’ என்றால் யாரிடம்?

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். மளிகைக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் அது. மொத்தம் 9 பேர். கையில் இருக்கும் வேலைகளை எல்லாம் ஒரு எக்செல் தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நிலையைக் குறித்து வைத்திருப்போம். முதலாளி அதைத் திரையில் போட்டு, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வருவார்.

அந்தத் தாளில் 17-வது வரி ஒரு மளிகைக் கடை அண்ணாச்சியின் வேலை. பில்லில் பொருள்களின் பெயர் தமிழில் அச்சாக வேண்டும் என்று கேட்டிருந்தார். ‘தூர் தால்’ என்று ஆங்கில எழுத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர்கள், ஒவ்வொரு வரியையும் கல்லாவில் நின்று விசாரிக்கிறார்களாம். நியாயமான கோரிக்கை. அந்த வரிக்கு எதிரே நாங்கள் எழுதியிருந்தது ஒரே சொல்: பெண்டிங்.

“இது என்னாச்சு?”

“பெண்டிங் சார்.”

“அண்ணாச்சிகிட்ட இருந்து லிஸ்ட் வரணும்ல?”

“ஆமா சார்.”

அவ்வளவுதான். அடுத்த வரிக்குப் போய்விடுவோம். இப்படி ஏழு வாரம். எட்டாவது வாரம் அண்ணாச்சியே போன் செய்தார். எடுத்தது நான். “தம்பி, லிஸ்ட் கொடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நீங்க ஏதோ செஞ்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நானும் பேசாம இருக்கேன்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு, நடந்ததைத் தேதிவாரியாக எழுதிப் பார்த்தேன். முதல் வாரத்தில் எங்கள் டெவலப்பர் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்திருந்தார். ஒன்று, கடையில் இருக்கும் சுமார் 640 பொருள்களுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும். அதை அண்ணாச்சிதான் தர வேண்டும். இரண்டாவது, கடையில் இருக்கும் பில் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. 80 மில்லிமீட்டர் காகிதச் சுருளில் அடிக்கும் இந்தத் தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துகள் உள்ளேயே பதிந்திருக்கும். ‘A’ என்று கணினி சொன்னால் போதும், அடித்துவிடும். தமிழுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு வரியையும் படமாக வரைந்து புள்ளி புள்ளியாக அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் அந்தப் பழைய பிரிண்டர் திணறும். மாதக் கடைசிச் சாமான் வாங்கும் கூட்டத்தில், 40 வரிப் பில் ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டே வந்தால் கல்லாவில் வரிசை நிற்கும்.

ஆக, ஒரு முடிவு வேண்டியிருந்தது. மெதுவாக வந்தாலும் பரவாயில்லை என்று பழைய பிரிண்டரிலேயே ஓட்டுவதா? மூன்று கல்லாவுக்கும் புதுப் பிரிண்டர் வாங்கச் சொல்வதா? வாங்கினால் செலவு யாருடையது? இதை டெவலப்பர் முதல் வாரமே முதலாளியிடம் கேட்டிருக்கிறார். அவரும் “பார்ப்போம்” என்றிருக்கிறார்.

அண்ணாச்சியின் மகள் உட்கார்ந்து தட்டச்சு செய்து, பட்டியல் இரண்டாம் வார முடிவிலேயே எங்கள் கள ஊழியரின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. அதாவது முதல் இரண்டு வாரம் நாங்கள் அண்ணாச்சிக்காகக் காத்திருந்தோம். அடுத்த ஐந்து வாரம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை; ஒரு முடிவு எடுக்கப்படாததால் வேலை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் தாளில் இருந்தது ஒரே சொல். நிலைமை தலைகீழாக மாறிய அன்றைக்குக்கூட அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ‘பெண்டிங்’ ஏழு வாரமும் உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு, அன்றைக்குக் காலை யார் எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல முடியாது.

அரசு அலுவலகத்தில் ‘நிலுவை’ என்பதும் இதே ஜாதிச் சொல்தான். மனு நிலுவையில் உள்ளது என்றால், நாம் இன்னொரு சான்றிதழ் தர வேண்டுமா, மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டுமா, சட்டத்திலேயே இடமில்லையா என்று எதுவும் விளங்காது. நின்றுபோன வேலை நின்றிருக்கிறது என்று மட்டும் தெரியும்.

நின்றிருக்கும் வேலையில் இரண்டு வகை உண்டு. நம் பங்கை முடித்துவிட்டு, இன்னொருவரிடம் கேட்டுவிட்டு, அவர் செய்வார் என்று ஒரு தேதியோடு எதிர்பார்த்திருப்பது ஒரு வகை. இதைக் காத்திருப்பு என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அடி அவருடையது. அந்தத் தேதி வரும்வரை நமக்கு வேலை இல்லை. வழியே அடைபட்டிருப்பது மற்றொரு வகை. அனுமதி இல்லை, முடிவு இல்லை, பணம் ஒதுக்கவில்லை, அல்லது செய்ய நினைத்த முறையே சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. இங்கே யாரும் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. எத்தனை நாள் பொறுத்தாலும் தானாக எதுவும் வராது. இது தடை. இதில் அடுத்த அடி, அடைப்பை எடுக்க அதிகாரமோ வழியோ உள்ளவருடையது. பெரும்பாலும் அவர் நம் பக்கத்து ஆள்.

எது எந்த வகை என்று குழம்பினால் நான் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: நாங்கள் அத்தனை பேரும் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தால் இந்த வேலை நகருமா? நகரும் என்றால் காத்திருப்பு. நகராது என்றால் தடை. அண்ணாச்சி பட்டியலுக்கு இந்தக் கேள்வியைப் போட்டால், அவர் மகள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்; நாங்கள் சும்மா இருந்தாலும் வந்திருக்கும். பிரிண்டர் முடிவுக்குப் போட்டால், ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் “பார்ப்போம்” அங்கேயேதான் இருந்திருக்கும்.

இந்தப் பிரிவினை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. நிறையப் பேர் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் இதற்கு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறார்கள். அவற்றில் இரண்டு என்னை நிறைய யோசிக்க வைத்தன.

ஒன்று, ரஸ்ட் என்ற நிரல்மொழியை உருவாக்கும் குழு. உலகம் முழுக்க இருந்து பலர் அதற்குத் திருத்தங்கள் அனுப்புகிறார்கள். எழுதியவர் ஒரு நாட்டில், சரிபார்ப்பவர் இன்னொரு நாட்டில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. திங்கட்கிழமைக் கூட்டம் எல்லாம் நடக்காத காரியம். ஆகவே கிட்ஹப் தளத்தில் ஒவ்வொரு திருத்தத்தின் மீதும் ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள். எழுதியவர் ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் `S-waiting-on-author`. சரிபார்ப்பவர் பார்க்க வேண்டும் என்றால் `S-waiting-on-review`. குழுவாகக் கூடி முடிவெடுக்க வேண்டும் என்றால் `S-waiting-on-team`. வேறொரு வேலை முடிந்தால்தான் இது நகரும் என்றால் `S-blocked`. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, அமைப்பை மட்டும் பாருங்கள்: காத்திருப்பு என்று வரும் சீட்டு ஒவ்வொன்றின் வாலிலும் ‘யாருக்காக’ என்பது ஒட்டிக்கொண்டே வருகிறது. யாருக்காக என்று சொல்லாமல் வெறுமனே காத்திருக்க அங்கே சீட்டே இல்லை. தடைக்குத் தனிச் சீட்டு.

சீட்டை மாற்றுவதும் ஒரு வரி வேலைதான். திருத்தத்தின் கீழே கருத்து எழுதும் இடத்தில் இப்படித் தட்டினால் போதும்:

```
@rustbot author
@rustbot ready
@rustbot blocked
```

முதல் வரி பந்தை எழுதியவரிடம் அனுப்புகிறது. அவர் திருத்திவிட்டு இரண்டாவதைத் தட்டினால் சரிபார்ப்பவரிடம் திரும்புகிறது. மூன்றாவது, தடைச் சீட்டை ஒட்டுகிறது. இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையும் உண்டு. எழுதியவர் சொன்னதை எல்லாம் திருத்திவிட்டு `@rustbot ready` என்று தட்ட மறந்துவிட்டால், சீட்டு இன்னமும் ‘எழுதியவருக்காகக் காத்திருக்கிறோம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அவர் சரிபார்ப்பவரை எதிர்பார்ப்பார். சரிபார்ப்பவர் அவரை எதிர்பார்ப்பார். எங்களுக்கும் அண்ணாச்சிக்கும் நடந்தது அச்சு அசலாக இதுதான். பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. தாளில் சீட்டு மாறவில்லை. கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: நிலை மாறிய தேதியையும், எதிராளியிடமிருந்து கடைசியாக ஏதாவது வந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வந்தது பிந்தைய தேதியாக இருந்தால் சீட்டு பழையது.

இரண்டாவது, வாடிக்கையாளர் சேவைக்குப் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் ஜென்டெஸ்க் என்ற மென்பொருள். அதில் ‘பெண்டிங்’ என்ற நிலைக்கு ஒரே அர்த்தம்தான்: புகார் கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். அவர் பதில் எழுதிய கணமே அது தானாக ‘ஓபன்’ ஆகிவிடும். யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு மாற்ற வேண்டியதில்லை. மூன்றாம் மனிதர் ஒருவரிடமிருந்து, உதாரணமாக உதிரிபாகம் தரும் கம்பெனியிடமிருந்து, ஏதாவது வர வேண்டும் என்றால் அதற்கு ‘ஆன் ஹோல்ட்’ என்று தனி நிலை. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று இருக்கிறது. ‘ஆன் ஹோல்ட்’ என்பது உள்ளே வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். வாடிக்கையாளர் திரையில் அது ‘ஓபன்’ என்றே காட்டும். அவர் பங்குக்கு அவர் செய்ய ஒன்றும் இல்லை. நமக்குச் சரக்கு தர வேண்டியவன் தாமதிக்கிறான் என்பது நம் பாடு. அவரைப் பொறுத்தவரை அது இன்னமும் நம் மேசையில்தான் இருக்கிறது.

நேரக் கணக்கும் இதே நியாயத்தில் ஓடுகிறது. வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று அளக்கும் கடிகாரம் ‘ஆன் ஹோல்ட்’டில் நிற்பதில்லை, ‘பெண்டிங்’கில் மட்டும் நிற்கும். ஊழியர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று அளக்கும் கடிகாரமோ இரண்டிலும் நிற்கும். தன் கையில் இல்லாத தாமதத்துக்கு ஊழியர் மேல் பழி விழவும் கூடாது. அதைச் சாக்காக வைத்து வாடிக்கையாளரின் காத்திருப்பை மறைக்கவும் கூடாது. ஒரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் செய்ய முடியாது.

இதெல்லாம் படித்துவிட்டு எங்கள் தாளைத் திருத்த உட்கார்ந்தோம். முதலில் எனக்குத் தோன்றியது, நிலைகளைப் பெருக்குவது. ‘வாடிக்கையாளருக்காக’, ‘வங்கிக்காக’, ‘பிரிண்டர் டீலருக்காக’ என்று ஒன்பது பத்து வகை எழுதிவிட்டேன். இரண்டு நாளில் யாரும் சரியாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பட்டியல் நீளமானால் மனம் முதலில் கண்ணில் படுவதைத்தான் பிடிக்கும். ஆகவே நிலையை மூன்றோடு நிறுத்தினோம்: நடக்கிறது, காத்திருப்பு, தடை. ‘யார்’ என்பதை நிலைக்குள் திணிக்காமல் தனிக் கட்டமாக வைத்தோம். வேலை, கட்டம், நிலை, அடுத்து செய்ய வேண்டியவர், எப்போதிலிருந்து, எப்போது மறுபடி பார்ப்பது என்று ஆறு பத்தி. பதிலாக என்ன வர வேண்டும் என்பதை ஒரு சிறு வாக்கியத்தில் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

‘கட்டம்’ என்ற பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் வண்ணச் சீட்டு ஒட்டி வேலை பார்க்கும் கான்பான் முறையில் அனுபவம் உள்ளவர்கள், தடைபட்ட வேலைகளுக்கு என்று தனிப் பத்தி போடாதே என்பார்கள். சீட்டை அது நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் மேல் இன்னொரு வண்ணச் சீட்டை ஒட்டச் சொல்வார்கள். காரணம் நல்ல காரணம். எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளினால், எது எந்தக் கட்டத்தில் முட்டியது என்ற விவரம் போய்விடும். சோதனைக் கட்டத்திலேயே அடிக்கடி முட்டுகிறது என்றால் அங்கே ஏதோ கோளாறு என்று அதிலிருந்துதான் தெரியும். மூலைக்குத் தள்ளிய சீட்டு கண்ணிலிருந்தும் போய்விடும்.

அன்றைக்குத் தாளில் ‘பெண்டிங்’ என்று இருந்தவை 14. ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு வாரக் கேள்வியைக் கேட்டோம். ஒன்பது காத்திருப்பு ஆயின, ஐந்து தடை. ஒன்பதில் வாடிக்கையாளர் தர வேண்டியவை ஐந்து. வெளி நிறுவனங்கள் தர வேண்டியவை இரண்டு. மிச்சம் இரண்டில் அடுத்து செய்ய வேண்டியவர் எங்களுக்குள்ளேயே இருந்தார்: ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், அவருக்கு அது தன்னிடம் இருப்பதே தெரியாது. அவர் பெயரைக் கட்டத்தில் எழுதிய அன்று மாலையே இரண்டும் முடிந்தன. இதில் எங்கள் திறமை ஒன்றும் இல்லை. தன் பெயர் அங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தடையான ஐந்தில் நான்குக்கு எதிரே முதலாளி பெயர் வந்தது. எழுதுவதற்கு முன் எங்களுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவரை அவர் தாளிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல் ஆகிவிடுமோ என்று. கடைசியில் எழுதினோம். திங்கட்கிழமை திரையில் அதைப் பார்த்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இதெல்லாம் என்கிட்டயா நிக்குது? நான் வெளியிலேர்ந்து வரணும்னு இல்ல நெனச்சேன்” என்றார். ஏழு வாரமாக அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கறையாகத்தான் கேட்டார். கேட்ட கேள்விக்கு எங்கள் தாள் பதில் சொல்லவில்லை.

பெயர் எழுதுவது பழி சுமத்துவது ஆகாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாடு பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். இங்கிலாந்தில் ஒரு உதாரணம் உண்டு. உடல் தேறியும் வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ கவனிக்க ஆள் ஏற்பாடாகாததால் மருத்துவமனைப் படுக்கையிலேயே தங்கிவிடும் முதியவர்கள் அங்கே பெரிய பிரச்சினை. 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: உள்ளாட்சி அமைப்பின் சமூகநலப் பிரிவால் தாமதம் ஆனால், அது மருத்துவமனைக்கு ஒரு நாளுக்கு 100 பவுண்டு கொடுக்க வேண்டும், லண்டன் போன்ற பகுதிகளில் 120. தாமத அறிக்கைகளிலும் பொறுப்பு யாருடையது என்று பிரித்தார்கள்: மருத்துவத் துறை, சமூகநலத் துறை, அல்லது இரண்டும். மதிப்பீடு முடியவில்லை, பண ஒதுக்கீடு இல்லை, வீட்டில் உதவிக்கு ஆள் இல்லை, குடும்பம் இன்னும் முடிவு செய்யவில்லை என்று காரணங்களுக்கும் தனித் தனிக் குறியீடுகள். ‘தகராறு’ என்பதற்கே ஒரு குறியீடு இருந்தது.

காரணக் குறியீடுகள் உண்மையிலேயே பயனுள்ளவை; எந்தப் படுக்கை எதற்காகத் தேங்கியிருக்கிறது என்று காட்டுபவை. ஆனால் பெயருக்குப் பின்னால் அபராதம் வந்துவிட்டால், ‘அடுத்து யார் செய்ய வேண்டும்’ என்ற கேள்வி ‘யார் பணம் கட்ட வேண்டும்’ என்று திரிந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு என்பது என் எண்ணம். இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. தாமதத்துக்குக் காரணமானவர் நேற்று தன் பங்கை முடித்திருக்கலாம்; இன்றைக்கு அடி எடுக்க வேண்டியவர் வேறொருவராக இருக்கலாம். எங்கள் தாளில் ‘யாரால் தாமதம்’ என்று ஒரு பத்தி வைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்று மறுத்தோம். இன்றைக்கு யார் என்பது மட்டும் போதும்.

இன்னொரு விஷயம் பெயர். ‘அக்கவுண்ட்ஸ்’, ‘வங்கி’, ‘டீம்’ என்று எழுதினால் அது பெயர் ஆகாது. அக்கவுண்ட்ஸில் மூன்று பேர் இருந்தால் மூவரும் மற்ற இருவரை நினைத்துக்கொள்வார்கள். மொசில்லா அமைப்பின் பிழைப் பட்டியலில் இதற்கு ஓர் அழகான தீர்வு பார்த்தேன். ஒரு பிழையைப் பற்றிக் கூடுதல் விவரம் வேண்டும் என்றால் `needinfo?` என்று ஒரு கொடி ஏற்றுவார்கள். அந்தக் கொடியோடு யாரிடம் கேட்கிறோம் என்ற பெயர் சேர்ந்தே இருக்கும். அந்த ஆளுக்குத் தகவல் போகும். அவர் பதில் சொன்னதும் கொடி இறங்கும். ‘விவரம் தேவை’ என்பதற்கும் ‘இன்னாரிடமிருந்து விவரம் தேவை’ என்பதற்கும் உள்ள தூரம் கொஞ்சமல்ல. வெளி நிறுவனமாக இருந்தால் அங்கே நமக்குத் தெரிந்த ஒருவர் பெயர் இருக்கலாம்; அதுவும் தெரியாவிட்டால், அவர்களை விடாமல் கேட்க வேண்டிய நம் ஆளின் பெயரைப் போடுவோம்.

காத்திருப்புக்குக் காலாவதித் தேதி கட்டாயம். இதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். தாளைத் திருத்திய முதல் மாதத்தில் காத்திருப்புகள் மெல்ல மெல்லப் பெருகின. கொஞ்சம் கடினமான வேலை என்றால், வாடிக்கையாளரிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டு மெயில் அனுப்பிவிட்டு ‘காத்திருப்பு’ என்று போட்டுவிடுவது வழக்கமாகத் தொடங்கியது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கடினமான வேலையை எடுக்கப் பயமாக இருக்கும்போது கேள்வி கேட்பது ஆறுதல். இப்போது ஒவ்வொரு காத்திருப்புக்கும் மறுபடி பார்க்கும் தேதி இருக்க வேண்டும். அன்றைக்கும் வரவில்லை என்றால் ஒரு முறை நினைவூட்டி, தேதியைத் தள்ளலாம். இரண்டாம் முறையும் வரவில்லை என்றால் அது காத்திருப்பு அல்ல, தடை. வேறு வழி பார்க்க வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் பெயர் கட்டத்தில் ஏறும்.

இதற்கு விலைகொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. நிலை C பத்தியிலும், பெயர் D-யிலும், மறுபடி பார்க்கும் தேதி F-லும் இருந்தால் எக்செல்லிலேயே இரண்டு எண்கள் கிடைத்துவிடும்:

```
=COUNTIFS(C:C,"காத்திருப்பு",F:F,"<"&TODAY())
=COUNTIFS(C:C,"தடை",D:D,"")
```

முதல் வரி, தேதி தாண்டியும் காத்திருப்பாகவே கிடப்பவை எத்தனை என்று சொல்லும். இரண்டாவது, தடை என்று போட்டுவிட்டுப் பெயர் எழுதாமல் விட்டவை எத்தனை என்று சொல்லும். தேதியே போடாத காத்திருப்பு முதல் கணக்கில் சேராது, கவனம். அதைத் தனியாகத் தேட வேண்டும். கூட்டத்துக்கு முன் இந்த எண்கள் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

சிக்கலான ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு வேலை இன்னொரு வேலையால் தடைபட்டிருந்தால் அடுத்து யார்? ஐந்தாவது தடை அப்படிப்பட்டதுதான். மருந்துக் கடை ஒன்றுக்குப் புது பில் வடிவம். அது புது அச்சுப் பகுதி முடிந்தால்தான் ஆகும். அச்சுப் பகுதியோ, அண்ணாச்சி கடைக்கான அதே பிரிண்டர் முடிவுக்காக நின்றது. முதலில் மருந்துக் கடை வரிக்கு எதிரே டெவலப்பர் பெயரைப் போட்டோம். அது தவறு. அவரால் அன்றைக்கு எதுவும் செய்ய முடியாது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய், அதன் நுனியில் உட்கார்ந்திருப்பவர் யாரோ அவர் பெயரைத்தான் போட வேண்டும். ஆக ஐந்தாவதும் முதலாளியிடம் வந்து சேர்ந்தது. இரண்டு கடைகள் ஒரே “பார்ப்போம்”-இல் நிற்கின்றன என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அதுவரை அவை தாளில் 17-வது வரியிலும் 29-வது வரியிலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருந்தன.

சில வேலைகள் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்கும். அண்ணாச்சி வேலையும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான்: பட்டியலும் வரவில்லை, முடிவும் எடுக்கவில்லை. அப்போது ஒரு வரியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டக் கூடாது. இரண்டாக உடைத்துவிட வேண்டும். ‘640 பெயர்கள்: அண்ணாச்சி, காத்திருப்பு’ என்று ஒன்று. ‘பிரிண்டர் முடிவு: முதலாளி, தடை’ என்று ஒன்று. அன்றைக்கே அப்படி எழுதியிருந்தால் பட்டியல் வந்ததும் முதல் வரி மூடியிருக்கும். இரண்டாவது தனியாக, எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றிருக்கும்.

மூன்று பேர் ஒரே அறையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இத்தனை பத்திகள் வேண்டாம். திரும்பிப் பார்த்துக் கேட்டால் போதும். கேட்க வேண்டிய ஆள் வேறு ஊரில், வேறு கம்பெனியில், அல்லது எப்போதும் அவசரத்தில் இருக்கும்போதுதான் தாள் அவருக்குப் பதிலாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிரிண்டர் முடிவு அந்தத் திங்கட்கிழமை கூட்டத்திலேயே வந்தது. இரண்டு கல்லாவில் பழைய பிரிண்டரே இருக்கட்டும், மாதக் கடைசிக் கூட்டம் வரும் முதல் கல்லாவுக்கு மட்டும் புதிது வாங்கலாம், செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம் என்று முதலாளி சொன்னார். அண்ணாச்சியிடம் நான்தான் பேசினேன். “இத மொதல்லயே கேட்டிருந்தா முழுசா நானே வாங்கியிருப்பேனே தம்பி” என்றார். தாளுக்கு வந்து 17-வது வரியில் ‘தடை’யை அழித்து ‘நடக்கிறது’ என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில் டெவலப்பர் பெயர். அடுத்த கட்டத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி.